6ஆம் பாகம் பாத்த சனம் 7க்கு ஏன் வரேல்லை?

தகரக்கொட்டில் | 2025 ஓகஸ்ட் 2, இரவு 10.40

நேர விசயத்துக்கு வாறன். அப்பப்பாவின்ர ஒஸ்ரின் ஏ40 காரைத் திருத்தி ஓட வைக்கிறதைப் பாகம் பாகமா யூரியூப் ஷோர்ட்ஸில போடுறன். 95 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில கொட்டிலுக்குள்ள விட்டிட்டுப் போன கார். திரும்பி வந்த பிறகும் ஒருத்தரும் தொடேல்லை. ஒவ்வொரு பாகமும் ஒரு நிமிசத்துக்குள்ள.

முதல் அஞ்சு பாகமும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர். 6ஆம் பாகம் 41 ஆயிரம் போட்டுது. சந்தோசத்தில அண்டிரவே 7ஐ வெட்டி ஏத்தினன். 1,900. ஆறாம் பாகத்துக் கொமென்றில "அடுத்த பாகம் எங்க" எண்டு 60 பேருக்கு மேல கேட்டிருக்கினம். 7 அங்கதான் கிடக்கு, கேட்ட ஆக்களே வரேல்லை.

என்ர முடிவு வசனம்: "என்ஜின் முழுசாச் சுத்துமா, சுத்தாதா? அடுத்த பாகத்தில பாப்பம். மறக்காமல் சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ." 7இன்ர தொடக்கம்: "வணக்கம் உறவுகளே, போன பாகத்தில நாங்கள் பிளக்கைக் கழட்டி டீசல் விட்டு ஒரு கிழமை ஊற வைச்சு..." எண்டு போகுது. எதில பிழை?

மூண்டுசெக்கன் | ஓகஸ்ட் 2, இரவு 11.05

முதல் 3 செக்கனுக்குள்ள கொக்கி போடேல்லை, அவ்வளவுதான். அதோட "பாகம் 7" எண்டு பெரிசா எழுதியிருக்கிறியள். புதுசா வாறவன் அதைப் பாத்தோடன "ஆறு பாகம் விட்டிட்டன், எனக்கென்னத்துக்கு" எண்டு தள்ளிப்போட்டுப் போயிடுவான். நம்பரே போடாதையுங்கோ. பழைய பாகங்களில இருந்து நல்ல துண்டுகளை எடுத்து பத்து செக்கன் பாட்டோட வேகமா ஓட விடுங்கோ, அதுதான் ரீகாப்.

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 3, காலை 6.15

தம்பி, இரண்டையும் போய்ப் பாத்தன். கலியாண வீடியோ வெட்டுறது என்ர தொழில், அந்தக் கண்ணாலதான் சொல்லுறன்.

முதல்ல கணக்கைத் திருத்துவம். 41 ஆயிரத்தையும் 1,900ஐயும் பக்கத்தில வைச்சு "39 ஆயிரம் பேர் என்னை விட்டிட்டுப் போட்டினம்" எண்டு நினைக்கிறீர். அப்பிடி இல்லை. ஷோர்ட்ஸில உம்மட வீடியோவை ஆக்கள் தேடி வாறேல்லை, ஊட்டத்தில அவையின்ர விரலுக்குக் கீழ வந்து விழுகுது. 6ஐப் பாத்தவருக்கு 7ஐக் காட்டோணும் எண்டு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. 7 முன்னால வந்த ஆக்களில கனபேர் 6ஐக் கண்டே இருக்கமாட்டினம். அதோட 2025 மார்ச் 31இல இருந்து ஷோர்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை எண்டு எண்ணுறாங்கள். தள்ளிவிட்டவரும் அந்த 41க்குள்ள இருக்கிறார்.

யூரியூப் ஸ்ரூடியோவுக்குள்ள போம். "பாத்தவை / தள்ளிவிட்டவை" எண்டு ஒரு விகிதம் இருக்கு. 6க்கும் 7க்கும் என்ன காட்டுது? பேந்து எத்தினை பேர் எந்தச் செக்கன் வரைக்கும் நிண்டவை எண்டு காட்டுற கோடு ரெண்டுக்கும் எந்த இடத்தில விழுகுது எண்டு பாரும். அதைச் சொல்லும், மிச்சம் கதைப்பம்.

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 3, மதியம் 1.20

அண்ணை, பாத்தன்.

6: நூறு பேரில 71 பேர் நிண்டிருக்கினம். கோடு 49ஆவது செக்கன் வரைக்கும் வடிவாப் போகுது, அதில குத்தா விழுகுது. அந்த இடத்திலதான் நான் "அடுத்த பாகத்தில பாப்பம்" எண்டு தொடங்குறன்.

7: நூறில 38. நிண்ட ஆக்களும் 12, 13ஆவது செக்கனுக்குள்ள பாதியாகீட்டினம். முன்கதை முடிய 14 செக்கன்.

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 3, இரவு 9.30

ஓம், நோய் ரெண்டு இடத்தில. 6இன்ர வாலும் 7இன்ர தலையும். நடுவுக்கு ஒண்டும் இல்லை.

இப்ப இதைக் கவனியும். 6 எப்பிடித் தொடங்குது? வணக்கம் இல்லை, போன பாகம் இல்லை. நாலு பொடியள் காரைப் பின்னுக்குத் தள்ளுறாங்கள், ஒருத்தன் கத்துறான், உம்மட குரல் சொல்லுது: "30 வருசம் அசையாத என்ஜின். ரொப் கியரில போட்டுத் தள்ளுறம்." தலைக்கு மேல பூவரசம் இலை விழுகுது. அதுதான் முன்கதைச் சுருக்கம்! என்ன சாமான், எதில இறுகி நிக்குது, இப்ப என்ன செய்யிறம், மூண்டும் ஒரு மூச்சுக்குள்ள வந்திட்டுது. நீர் அதை முன்கதை எண்டு நினைக்காமல் செய்ததாலதான் சரியா வந்தது. 7இல "முன்கதை சொல்லப்போறன்" எண்டு நினைச்சீர், பழுதாப் போச்சு.

மூண்டுசெக்கன் சொன்னதில பாதி சரி. தலைதான் பிரச்சினை. ஆனா பழைய துண்டுகளை ஓட விடுறதை ஒத்துக்கொள்ள மாட்டன். பழைய படம் ஓடினால் பாக்கிறவர் பழைய சங்கதி எண்டு தள்ளிவிடுவார். பழசைக் குரல் சொல்லட்டும், படம் இப்ப நடக்கிறதைக் காட்டட்டும். இரண்டும் ஒரே நேரத்தில ஓடினால் முன்கதைக்கு எண்டு தனியா ஒரு செக்கனும் செலவழிக்கத் தேவையில்லை.

மடத்தடி | ஓகஸ்ட் 4, காலை 8.50

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். ஏ40 எண்டோடன வந்திட்டன். 90களில உந்தக் காரெல்லாம் மண்ணெண்ணையிலதான் ஓடினது. கார்பரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணைக்கு மாத்துறது. டாங்கைக் கவனமாக் கழுவும்.

தொடர்கதைக்கும் ஒண்டு சொல்லலாம். எங்கட கோயிலில கந்தபுராணம் படிக்கேக்கை ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார், நாள் கணக்கா நடக்கும். நான் சின்னனில போய் இருந்த இடத்தில பயன் சொல்லுறவர் எல்லாத்தையும் திருப்பிச் சொல்லமாட்டார். "முருகன்ர தூதுவன் சூரன்ர சபையில வந்து நிக்கிறான்" எண்டு ஒரு வசனம். நேற்று வராத கிழவிக்கும் விளங்கும், நேற்று வந்த எனக்கும் அலுக்காது. தொடர்கதை போட்ட சஞ்சிகையளிலயும் மேல சின்ன எழுத்தில முன்கதை நாலு வரிதானே.

கணக்கு ரீச்சர் | ஓகஸ்ட் 4, இரவு 7.10

நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் பாகம் 1 இலிருந்து பாகம் 22 வரை போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 25 நிமிடம். எனக்கும் இதே பிரச்சினைதான், பாகம் 3க்குப் பிறகு ஆட்கள் குறைகிறார்கள். நான் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரு கணக்கைத் தீர்க்காமல் விட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளை "ரீச்சர், விடையைச் சொல்லிப்போட்டுப் போங்கோ, நாளைக்குச் சோதனை" என்று எழுதினது. இதற்கு என்ன செய்யலாம்?

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 4, இரவு 8.40

ரீச்சர், உங்கட விசயம் வேற. உங்கட பிள்ளையள் தேடி வருகினம், தேவையான பாகத்துக்கு நேரா வருகினம். 3ஐப் பாக்காமல் 9க்கு வந்தது இழப்பில்லை, அவைக்கு 9தான் தேவை. நீங்கள் 9இன்ர தொடக்கத்தில "இதுக்குத் தொகையிடலின்ர அடிப்படை தெரிஞ்சால் காணும், தெரியாதவை 4ஐப் பாத்திட்டு வாங்கோ" எண்டு ஒரு வசனம் சொன்னால் அது உங்கட முன்கதை. கணக்கைப் பாதியில விடுறது அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி சோதனைக்கு முதல்நாள் செய்யிற வேலை இல்லை.

ஆனா உங்கட பாகம் 3ஐத் திறந்து பாத்தன். முடிவுத்திரையில "அண்மையில் ஏற்றிய வீடியோ" எண்டு போட்டிருக்கிறியள். அண்டைக்கு அது 4 ஆக இருந்திருக்கும். இப்ப அது பிள்ளையை 22க்கு அனுப்புது. குறிப்பிட்ட வீடியோ எண்டதைத் தெரிவு செய்து 4ஐ வையுங்கோ, இப்பிடியே 21 வீடியோவுக்கும் அதுக்கு அடுத்ததை. இருந்து செய்தால் ஒரு பின்னேரம் காணும்.

கணக்கு ரீச்சர் | ஓகஸ்ட் 4, இரவு 9.55

ஐயோ. இப்போதுதான் பார்க்கிறேன். அதைவிட மோசம், முடிவுத்திரைப் பெட்டி கடைசி 20 செக்கனும் பலகையில் விடை எழுதிய இடத்துக்கு மேலே இருக்கிறது. அதுதான் அந்தப் பிள்ளை விடையைக் கேட்டிருக்கிறது! நான் தீர்க்காமல் விட்ட கணக்கு அது இல்லை.

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 9, இரவு 11.30

நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள்ள நாலு நாள் ஒண்டும் செய்யேல்லை. இண்டைக்குத்தான் 8ஐ எடுத்தன். பழக்கத்தில "வணக்கம் உறவுகளே" வாயில வந்திட்டுது, வெட்டி எறிஞ்சிட்டன்.

8 பெற்றோல் டாங்க். அடியில வடிக்கிற பிளக் இறுகி நிண்டது. தட்டித் தட்டிக் கழட்டினால் கறுப்புத் தேத்தண்ணி மாதிரி ஒண்டு வந்துது, மணம் தாங்கேலாது. டாங்கைக் குலுக்கேக்கை உள்ளுக்க ஏதோ கடகடவெண்டு உருளுது. முந்தியெண்டால் நான் கமராவைப் பாத்து "உள்ளுக்க இருக்கிறது என்ன? அடுத்த பாகத்தில..." எண்டு தொடங்கியிருப்பன். இந்த முறை குலுக்குறன், சத்தம் கேக்குது, தம்பி "அதென்ன அது?" எண்டு கேக்கிறான், நான் அவனைப் பாக்கிறன். அதில வெட்டிட்டன். 44 செக்கன்.

சொல்லாமல் வெட்டினால் பாக்கிறவைக்கு இன்னும் இருக்கு எண்டு விளங்குமோ?

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 10, காலை 6.00

விளங்கும். கேள்வியை நீர் கேட்டால் அது அறிவிப்பு. பாக்கிறவரின்ர வாயில கேள்வி வாற இடத்தில வெட்டினால் அதுதான் கொக்கி. தம்பி கேட்டது காணும். அவன் கேட்டு முடிய அரைச் செக்கன் விடும், கூட விடாதையும்.

ஒரு எச்சரிக்கை. ஷோர்ட்ஸ் முடிஞ்சோடன திரும்பத் தொடக்கத்தில இருந்து ஓடும். முடிவும் தொடக்கமும் பொருந்தினால் ஆள் இரண்டாம் தரமும் பாப்பார், உம்மட கோடு நூறு வீதத்தைத் தாண்டும், நீர் சந்தோசப்படுவீர். அது சுத்துறது, அடுத்ததுக்குப் போறதில்லை. தொடருக்கு அது பெரிசா உதவாது.

இப்ப 9இன்ர முதல் வசனத்தை 8ஐ ஏத்த முதலே எழுதி வையும். கதவும் நிலையும் மாதிரி, ரெண்டையும் ஒண்டாச் செதுக்கினால்தான் பொருந்தும். 8ஐ வெட்டிப்போட்டு மூண்டு நாளால 9க்கு யோசிச்சால் "போன பாகத்தில" எண்டுதான் வரும்.

மூண்டுசெக்கன் | ஓகஸ்ட் 10, காலை 10.15

பாகத்துக்குப் பாகம் கேள்வியை விடையில்லாமல் இழுத்துக்கொண்டே போகோணும். விடை சொன்னால் ஆள் போயிடுவான். டாங்குக்குள்ள என்ன எண்டதை 12ஆம் பாகம் மட்டும் வைச்சிருங்கோ.

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 10, மதியம் 12.40

அதைச் செய்து அடி வாங்கினவன் நான். 2ஆம் பாக முடிவில பொனற்றைத் திறக்கேக்கை "உள்ளுக்க ஒண்டு உயிரோட இருக்கு!" எண்டு கத்தி வெட்டினன். 3இல அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை, ரயர் கதை. 4இல கடைசியில எலிக்கூடு எண்டு காட்டினன், அதுகும் வெறுங்கூடு. ஒருவர் எழுதினது இன்னும் நினைவில இருக்கு: "தம்பி, பாம்பெண்டு சொல்லி எலி வித்தவனைக் கண்டிருக்கிறன், எலியும் இல்லாமல் வித்தவன் நீதான்."

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 10, இரவு 9.00

அந்தக் கொமென்றைச் சட்டம் போட்டு மாட்டும்.

மூண்டுசெக்கன், இரண்டு விதமான கேள்வி இருக்கு. "கார் ஓடுமா" எண்டது முழுத் தொடருக்கும். அதை எத்தினை பாகம் வேணுமெண்டாலும் இழுக்கலாம், ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். "டாங்குக்குள்ள என்ன" எண்டது ஒரு பாகத்தின்ர கேள்வி. அதுக்கு அடுத்த பாகத்தின்ர முதல் மூண்டில ஒரு பங்குக்குள்ள விடை வந்திடோணும். விடை வந்த கையோட அதில இருந்தே புதுசா ஒண்டு கிளம்போணும். விடையைச் சொன்னால் ஆள் போறார் எண்டது சரி, புதுக் கேள்வி இல்லாட்டி.

அதோட அளவு. உருளுறது ஒரு புரி ஆணியா இருந்தால் அதுக்கு ஏத்த சத்தத்தில வெட்டோணும். கொக்கி பெரிசாகவும் மீன் சின்னனாகவும் இருந்தால்தான் சனம் ஏமாந்த மாதிரி உணருது.

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 13, இரவு 10.20

புரி ஆணிதான் அண்ணை. ஒரு நட்டும் கைநிறையக் கறள் துண்டுகளும். எப்பிடி உள்ளுக்க போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.

9இன்ர தொடக்கம் இப்பிடி: டாங்குக்குள்ள ரோச் லைற் அடிக்கிறம், குரல், "30 வருசம் நிண்ட காரின்ர பெற்றோல் டாங்க். உள்ளுக்க ஏதோ உருளுது." அஞ்சு செக்கன். பதினோராம் செக்கனில நட்டு கையில. அதுக்குப் பிறகு கறளைக் காட்டுறன், "இது கார்பரேற்றருக்குள்ள போயிருந்தால்?" எண்டு தம்பி கேக்கிறான். அதுதான் புதுக் கேள்வி, அதில இருந்துதான் கார்பரேற்றர் கழட்டுறது வருது. முடிவில கார்பரேற்றர் மூடியின்ர கடைசி ஆணி கழண்டு மூடி தூக்கேக்கை வெட்டு.

நூறில 66 பேர் நிண்டினம். பார்வை 6,200. 41 ஆயிரம் இல்லை. ஆனா கோடு நடுவில விழேல்லை.

ரொறன்ரோப் பெரியம்மா | ஓகஸ்ட் 14, காலை 5.30

ராசா, எனக்கு இதில எழுதத் தெரியாது, பேத்தி பதிஞ்சு தந்தவள். உன்ர கார் வீடியோ எனக்கு வட்ஸ்அப்பில குடும்பக் குறூப்பிலதான் வருகுது. முதல் வந்தது 6. பிறகு 2. நேற்று ஒண்டு வந்தது, எது எண்டே தெரியேல்லை, யாரின்ர கார் எண்டும் தெரியேல்லை. தம்பியின்ர பெடியன்ர எண்டு மச்சாள் சொல்லித்தான் தெரியும்.

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 14, இரவு 8.10

பெரியம்மா சொன்னதை நான் யோசிக்கேல்லை. நல்ல பாடம். வீடியோவை இறக்கி வட்ஸ்அப்பில அனுப்பேக்கை தலைப்பு, விளக்கம், இணைப்பு ஒண்டும் கூடப் போகாது. படம் மட்டும் போகும். பாகத்தின்ர நம்பரும் சனலின்ர பேரும் படத்திலயே எழுதியிருக்கோணும். எங்க எழுதுறது எண்டதிலயும் சூழ்ச்சி இருக்கு. கீழ்ப்பக்கம் தலைப்பும், வலப்பக்கம் லைக், கொமென்ற் பொத்தானுகளும் மறைக்கும். இடது பக்கம் மேல, கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி எழுதும். சின்னனா, முழுப் பாகமும் நிக்கிற மாதிரி.

மூண்டுசெக்கன் | ஓகஸ்ட் 14, இரவு 8.25

நம்பர் போட்டால் புது ஆள் தள்ளிவிடுவான் எண்டு நான் முதலே சொன்னனான்.

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 14, இரவு 8.50

சொன்னீர். நானும் அது பொய் எண்டு சொல்லேல்லை. நம்பர் இல்லாட்டி "அடுத்தது எங்க" எண்டு தேடுற ஆளுக்கு வழி இல்லை. ரெண்டும் பிரச்சினைதான்.

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 22, இரவு 11.50

சோதிச்சுப் பாத்தன். ஒண்டில நம்பரைப் பெரிசா நடுவில ரெண்டு செக்கன், அடுத்ததில மூலையில சின்னனா. பெரிசுக்கு 59, சின்னனுக்கு 68. ஆனா பெரிசு போட்டது வயர் கதை, சின்னன் போட்டது முதல் தரம் பிளக்கில பொறி வந்த பாகம். பொறியைப் பாக்க ஆர் நிக்கமாட்டினம்? இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. சின்னனாவே விடுறன், தம்பிக்கு அது வடிவா இருக்காம்.

இன்னொரு சங்கதி, இதை முதல்ல சொல்லியிருக்கோணும். 6ஐப் பாத்தவைக்கு 7 ஏன் கிடைக்கேல்லை எண்டதுக்கு ஒரு வெறும் மொக்கு விடையும் இருக்கு. ஷோர்ட்ஸின்ர கொமென்றிலயும் விளக்கத்திலயும் போடுற இணைப்பை அமத்தினால் வேலை செய்யாது. 6இன்ர மேல் கொமென்றில 7இன்ர இணைப்பைப் போட்டிட்டு மூண்டு கிழமை நிம்மதியா இருந்தனான்! அது வெறும் எழுத்து. "தொடர்புடைய வீடியோ" எண்டு ஸ்ரூடியோவுக்குள்ள ஒண்டு இருக்கு, அதில குடுத்தால்தான் அமத்தக்கூடிய இணைப்பு வரும். 6ஐ ஏத்தேக்கை 7 இல்லைதானே, 7 ஏத்தின பிறகு திரும்பி 6க்குப் போய்க் குடுக்கோணும். இப்ப எல்லாத்துக்கும் குடுத்திட்டன். ஒவ்வொண்டு ஏத்தின கையோட முந்தினதுக்குப் போறது வழக்கமாப் போச்சு.

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 23, காலை 6.20

அதுகும் எல்லாக் கணக்குக்கும் வராது. மேம்பட்ட வசதிகள் திறந்திருக்கோணும். புதுசாத் தொடங்கின ஆக்கள் தேடிப்போட்டுக் காணேல்லை எண்டு திட்டாதையுங்கோ. பாகங்களை ஒரு பிளேலிஸ்ற்றில 1இல இருந்து ஒழுங்கா அடுக்கியும் வையும், 6இல இருந்து சனல் பக்கத்துக்கு வாறவருக்கு அதுதான் வழி.

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 30, இரவு 12.15

நித்திரை வரேல்லை. ஒண்டை எழுதிப்போட்டுப் படுக்கிறன்.

5ஆம் பாகம். டாஷ்போட்டில இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தால் அப்பப்பாவின்ர கண்ணாடிக் கூடு. உள்ளுக்க கண்ணாடி இல்லை, கூடு மட்டும். அப்பம்மாட்டைக் குடுத்தன், கமரா ஓடிக்கொண்டிருந்தது. அவ அதைத் திறந்து, மூடி, பேந்தும் திறந்தா. கண்ணில தண்ணி வந்த இடத்தில வெட்டி "தொடரும்" எண்டு போட்டன். நல்ல வெட்டு எண்டுதான் அப்ப நினைச்சன், முடிவு வரைக்கும் கோடு விழேல்லை.

காலமை அப்பம்மா தேத்தண்ணி தரேக்கை கேட்டா, "என்ர அழுகைக்கோ தொடரும் எண்டு போட்டனி? இன்னும் எத்தினை நாளைக்கு அழவேணும்?" பகிடியாத்தான் கேட்டா. எனக்குப் பகிடியாப் படேல்லை. அந்தச் சொல் படத்திலயே எழுதின சொல், ஏத்தின வீடியோவை எடுத்திட்டு அதே இடத்தில வேறயை வைக்கேலாது. அழிச்சிட்டுத் திரும்ப ஏத்தினன், அவ கூட்டை மூடி இடுப்பில செருகிறது வரைக்கும் நீட்டி. பார்வையெல்லாம் பூச்சியத்தில இருந்து தொடங்கினது. 5ஐ 6க்குப் பிறகு பாத்தவைக்கு அதாலயும் குழப்பம்.

வெட்டும் ஒட்டும் | ஓகஸ்ட் 30, காலை 6.40

பொம்பிளையின்ர தாய் அழுறதைக் கலியாண ட்ரெயிலரின்ர கடைசியில வைச்சு, அதே வீட்டுப் படலையடியில நிண்டு ஏச்சு வாங்கினவன் நான். காசும் பாதிதான் தந்தவை. பிழை அவையில இல்லை.

மடத்தடி | ஓகஸ்ட் 30, காலை 9.00

கண்ணாடி எங்க போனது?

தகரக்கொட்டில் | ஓகஸ்ட் 30, மதியம் 1.00

போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டவர் ஐயா. கூட்டை மறந்திட்டார்.

தகரக்கொட்டில் | செப்ரெம்பர் 7, இரவு 10.05

இண்டைக்குப் பெரிய கூத்து. அவசரத்தில வெட்டினதால இரண்டு வீடியோவில "பாகம் 13" எண்டு எழுதிப்போட்டன். அடுத்தது 15. பாத்தது 15ஐ ஏத்தின பிறகு. இப்ப கொமென்ற் முழுக்க "14 எங்க?" 15இன்ர முடிவு நல்ல வெட்டு, ஸ்ராட்டர் மோட்டர் ஒருக்கா உறுமிப்போட்டு நிண்டது. அதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எல்லாரும் 14ஐத் தேடுகினம்.

கணக்கு ரீச்சர் | செப்ரெம்பர் 7, இரவு 10.30

1 முதல் 13 வரை, திரும்ப 13, பிறகு 15. எண்ணிக்கை 15 தான், பிழை இல்லை. (நான் 21 முடிவுத்திரையும் மாற்றிவிட்டேன். ஒன்றில் 7ஐ 7க்கே இணைத்திருந்தேன்.)

மூண்டுசெக்கன் | செப்ரெம்பர் 7, இரவு 10.50

நம்பர் போடாதையுங்கோ எண்டு ஆர் சொன்னது?

வெட்டும் ஒட்டும் | செப்ரெம்பர் 7, இரவு 11.10

அழிக்காதையும். இரண்டாவது 13இன்ர தலைப்பில "பாகம் 14" எண்டு மாத்தும், மேல் கொமென்றில "படத்தில 13 எண்டு இருக்கு, இதுதான் 14" எண்டு எழுதும். முதல் 13இன்ர தொடர்புடைய வீடியோவையும் ஒருக்காச் சரிபாரும், அது 15க்குப் போகுதோ தெரியாது.

தகரக்கொட்டில் | செப்ரெம்பர் 8, காலை 7.00

போனது. 15க்குத்தான் போனது. மாத்தீட்டன்.

ரொறன்ரோப் பெரியம்மா | செப்ரெம்பர் 8, இரவு 8.20

ராசா, எனக்கு 13 ரெண்டு தரம் வந்தது, 14 வரேல்லை. மச்சாளுக்கும் வரேல்லையாம். எங்களுக்கு மட்டும் ஏன் அனுப்பேல்லை?